ஐயெல்ட்ஸ் பேச்சுத் தேர்வு: ‘நீங்கள் வியந்து மதிக்கும் ஒருவர்’ – என் அத்தையைப் பற்றி 50 விநாடிக்கு மேல் பேச முடியவில்லை

பட்டர்வொர்த் செவிலி

அனைவருக்கும் வணக்கம். நான் பினாங்கில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியாகப் பணிபுரிகிறேன். பிரிட்டனில் செவிலியராகப் பதிவு பெற ஐயெல்ட்ஸ் ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் 7 மதிப்பெண் தேவைப்படுகிறது. சென்ற முறை எனக்கு 6.5 கிடைத்தது. அடுத்த தேர்வுக்கு இன்னும் ஐந்து வாரங்கள் உள்ளன.

இரண்டாம் பகுதியில் ஓர் அட்டையைக் கொடுத்து, ஒரு நிமிடம் யோசிக்க விட்டு, ஒன்று முதல் இரண்டு நிமிடம் வரை பேசச் சொல்வார்கள் அல்லவா? அதில் ‘நீங்கள் வியந்து மதிக்கும் ஒருவரைப் பற்றிக் கூறுங்கள், அவர் யார், அவரை எப்படித் தெரியும், எப்படிப்பட்டவர், ஏன் மதிக்கிறீர்கள்’ என்ற வகை அட்டைக்குப் பயிற்சி செய்கிறேன். நான் என் அத்தையைத் தேர்ந்தெடுத்தேன். அவர் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் தையல் கடை நடத்துகிறார். நான் முன்பு சென்ற பயிற்சி வகுப்பில் குண நலன்களுக்கான சொற்பட்டியல் ஒன்றைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். அதைக் கொண்டு ‘கைண்ட், ஹானஸ்ட், ஹார்ட்வொர்க்கிங், ஜெனரஸ், பேஷண்ட், கேரிங், ஃபிரெண்ட்லி’ என்று சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் விளக்கம் தருகிறேன். கைப்பேசியில் பதிவு செய்து பார்த்தால் 48, 50 விநாடியில் பேச்சு நின்றுவிடுகிறது. அதன் பிறகு சொன்னதையே திரும்பச் சொல்கிறேன். இன்னும் எத்தனை சொற்களைச் சேர்த்தால் இரண்டு நிமிடம் வரும்?

சொல்வங்கி

தங்கை, உங்கள் சொற்கள் எல்லாமே இடைநிலைப்பள்ளி மாணவர் சொல்லும் சொற்கள். தேர்வாளர் ஒரு நாளில் எத்தனை முறை ‘கைண்ட்’ கேட்டிருப்பார்? 7 வேண்டுமென்றால் அதிகம் புழங்காத சொற்கள் வேண்டும் என்று மதிப்பீட்டு விதியிலேயே எழுதியிருக்கிறது. ‘அல்ட்ரூயிஸ்டிக்’, ‘மேக்னானிமஸ்’, ‘பிலாந்த்ரோபிக்’ ஆகிய மூன்றையும் வையுங்கள். நானும் இப்படித்தான் ஒரு குறிப்பேட்டில் அறுபது சொற்கள் சேர்த்து வைத்திருக்கிறேன், வேண்டுமானால் இங்கே பதிவிடுகிறேன்.

ஜெலுத்தோங் பெரியவர்

மகளே, பேச்சுக்கு முதலில் வேண்டியது கம்பீரம். ஒரு குறளோடு தொடங்கி, கைகளை விரித்து, கூட்டத்தைப் பார்த்துப் பேச வேண்டும். மேலும் வியந்து போற்றத்தக்கவர் என்றால் சமுதாயத்துக்கு உழைத்த தலைவராக இருக்க வேண்டாமா? துன் சம்பந்தன் அவர்களைப் பற்றிப் பேசுங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டி, 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவியவர். அத்தையைப் பற்றி வீட்டில் பேசலாம், தேர்வில் பேசலாமா?

பிரிக்பீல்ட்ஸ் ஆசிரியை

பெரியவர் மேடைப் பேச்சுப் போட்டியை மனத்தில் வைத்துச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். இது ஒரு சிறிய அறையில் ஒரே ஒரு தேர்வாளரோடு மேசைக்கு எதிரெதிரே அமர்ந்து, பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருக்க, மொத்தமே 11 முதல் 14 நிமிடம் வரை நடக்கும் உரையாடல். யாரைத் தேர்ந்தெடுத்தோம் என்பதற்கு மதிப்பெண் கிடையாது. தலைவரைப் பற்றிப் பேசுவது தவறன்று, ஆனால் பெரும்பாலோர் அப்போது பிறந்த ஆண்டு, வகித்த பதவி என்று பாடநூல் செய்திகளைச் சொல்லத் தொடங்கி, அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பதற்கு வரும்போது கையிருப்பு தீர்ந்துவிடுகிறார்கள். ஐயா சொன்ன செய்தியிலேயே ஒரு நல்ல காட்சி இருக்கிறது: ஒரு தோட்டத்துக்குப் போய், அன்றாடக் கூலி வாங்குபவரிடம் பத்து வெள்ளியைப் போடச் சொல்லி நம்ப வைப்பது. அந்த ஒரு காட்சியை மட்டும் சொல்லி ‘பெர்ஸ்வேசிவ்’, அதாவது பேசி இணங்க வைக்கும் திறன் கொண்டவர், என்று முடித்தால் அது நல்ல விடை. ஆனாலும் அந்தக் காட்சியை நேரில் கண்டவர் சொல்வதற்கும் படித்தவர் சொல்வதற்கும் வேறுபாடு தெரியும்.

சொல்வங்கி சொன்னதில் பாதி சரி. 7-க்கான விதியில் அதிகம் புழங்காத சொற்களும் மரபுத்தொடர்களும் ஓரளவு வர வேண்டும் என்று இருப்பது உண்மை. ஆனால் அதே வரியில், எந்தச் சொல் எதனோடு சேரும், எந்த நடைக்குப் பொருந்தும் என்ற உணர்வும் தெரிய வேண்டும் என்று இருக்கிறது. ‘பிலாந்த்ரோபிக்’ என்பது அறக்கட்டளைகளுக்குப் பெரும் பணம் கொடுப்பவர்களுக்குச் சொல்வது. தையல் கடை நடத்தும் அத்தைக்கு அதைச் சூட்டினால், சொல்லைத் தெரியும், பயன்பாடு தெரியாது என்பதை நீங்களே காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

செவிலித் தங்கைக்கு என் கேள்வி இது: உங்கள் பட்டியலை மறந்துவிடுங்கள். அத்தை செய்த ஏதாவது ஒன்று, ஒரே ஒரு நாள் நடந்தது, உங்கள் கண்ணாலேயே பார்த்தது, நினைவுக்கு வருகிறதா? சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. தமிழிலேயே எழுதுங்கள்.

பட்டர்வொர்த் செவிலி

ஒன்று உண்டு டீச்சர். நான் படிவம் ஐந்து முடித்த ஆண்டு, தீபாவளிக்கு முதல் நாள். விடுமுறையில் அத்தை கடையில் உதவிக்கு இருந்தேன். அங்கே புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், வாடிக்கையாளர் ஒருவரின் பட்டு ரவிக்கைக்கு இரண்டு கைகளையும் இடப்பக்கத்துக்கே வெட்டிவிட்டார். வலப்பக்கக் கையை இயந்திரத்தில் பொருத்தும்போதுதான் தெரிந்தது. அந்தப் பெண் அழத் தொடங்கிவிட்டார். அத்தை திட்டவில்லை. மீந்த துணியை மேசையில் விரித்து, சாக்கட்டியால் அளந்து பார்த்தார். ஒரு கை வெட்டும் அளவுக்குத் துணி போதவில்லை. அக்குளுக்கு அடியில், கையைத் தூக்கினாலும் தெரியாத இடத்தில், ஓர் ஒட்டுப் போட்டு இரவு இரண்டு மணி வரை தைத்தார். காலையில் வாடிக்கையாளர் வந்தபோது, ‘நான்தான் தவறாக வெட்டிவிட்டேன், ஒட்டுப் போட்டிருக்கிறேன், கூலி வேண்டாம்’ என்று சொன்னார். அந்தப் பெண் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் இப்போது அத்தையிடம் தலைமைத் தையல்காரர்.

இதைச் சொல்லி ‘ஹார்ட்வொர்க்கிங்’, ‘ஹானஸ்ட்’ என்று முடிக்கலாமா?

ஆயர் ஈத்தாம் தையல்காரர்

நான் இந்தத் தொழிலில் இருப்பவன் என்பதால் குறுக்கிடுகிறேன். துணியை இரண்டாக மடித்து வெட்டினால் இந்தத் தவறு வராது, இரு கைகளும் ஒன்றுக்கொன்று எதிராகத் தானே அமைந்துவிடும். துணி குறைவாக இருந்து, மடிக்க இடமில்லாமல், ஒற்றையாக விரித்து ஒரே அச்சை இரண்டு முறை வைத்து வெட்டும்போது, இரண்டாம் முறை அச்சைத் திருப்பிப் போட மறந்தால் இப்படி ஆகும். நானும் தொடக்கத்தில் செய்திருக்கிறேன், என் முதலாளி அந்தத் துணியின் விலையை என் சம்பளத்தில் பிடித்தார். தீபாவளி நேரத்தில் ‘நான்தான் கெடுத்தேன்’ என்று ஒரு கடைக்காரர் சொன்னால் அந்த வாடிக்கையாளர் அடுத்த ஆண்டு வராமலே போகலாம். அதைத் தெரிந்தே சொல்லியிருக்கிறார். அந்த அம்மாவை நாணயமானவர் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ் ஆசிரியை

ஐயா, நீங்கள் சொன்ன தொழில் விவரத்துக்கு நன்றி, அது அந்தத் தவறு எவ்வளவு இயல்பானது என்பதைக் காட்டுகிறது. ஆனால் ‘ஹானஸ்ட்’ என்ற சொல்லைப் பற்றி எல்லோரும் சற்று நின்று யோசிக்க வேண்டும். அத்தை வாடிக்கையாளரிடம் சொன்னது உண்மையா? ஒட்டு இருப்பதை மறைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் ‘நான்தான் வெட்டினேன்’ என்பது பொய். ஆகவே ‘என் அத்தை மிகவும் உண்மை பேசுபவர்’ என்று தொடங்கி இந்தக் கதையைச் சொன்னால், கதையே அந்தச் சொல்லை மறுத்துவிடும். தேர்வாளர் அதைக் கவனிக்காமலும் போகலாம். ஆனால் உங்கள் பேச்சு கோவையாகச் செல்கிறதா என்பதும் மதிப்பிடப்படும் நான்கில் ஒன்றின் பகுதி.

‘ஹார்ட்வொர்க்கிங்’ என்பதும் பொருந்தவில்லை. இரண்டு மணி வரை தைத்தது உழைப்புதான், ஆனால் தீபாவளிக்கு முதல் நாள் எந்தத் தையல்காரர் இரண்டு மணிக்கு முன் தூங்கினார்? இந்தக் கதையில் வேறு யாரும் செய்திருக்க மாட்டாத செயல், பழியைத் தம்மேல் போட்டுக்கொண்டதுதான். அதற்குரிய சொல் ‘புரொடெக்டிவ்’ என்று எனக்குத் தோன்றுகிறது. ‘ஷி இஸ் புரொடெக்டிவ் ஆஃப் ஹெர் ஸ்டாஃப்’ என்று ‘ஆஃப்’ சேர்த்துச் சொல்ல வேண்டும். கதைக்குள்ளே ‘ஷி டுக் தி பிளேம்’ என்ற மரபுத்தொடர் தானாக வந்து உட்காரும். சொல்வங்கி தேடும் அந்த அதிகம் புழங்காத சொல்வளம் இதுதான், ஒரே வாக்கியத்தில் இயல்பாகக் கிடைத்துவிடுகிறது. இரண்டாவதாக ஒரு சொல் வேண்டுமென்றால், அழுகிற பெண்ணுக்குப் பக்கத்தில் நின்று துணியை அளந்த அந்தக் கணத்துக்கு ‘லெவல் ஹெடட்’, நெருக்கடியிலும் நிதானம் இழக்காதவர், என்று சொல்லலாம். மூன்றாவது சொல் வேண்டாம்.

உங்கள் முதல் கேள்விக்கும் இதுவே விடை. நிதானமாகப் பேசினால் இரண்டு நிமிடத்தில் 220 முதல் 260 சொற்கள் வரை போகும். ஏழு குணங்களுக்கு ஏழு விளக்கங்கள் என்றால், ‘கைண்ட், அதாவது எல்லோருக்கும் உதவுவார்’ என்று ஒன்றையொன்று ஒத்த வாக்கியங்கள்தான் வருகின்றன, ஆகவே 50 விநாடியில் வற்றுகிறது. அத்தை யார், கடை எங்கே என்று 25 விநாடி, முதல் சொல்லுக்கு 10 விநாடி, கதைக்கு 50 விநாடி, அதிலிருந்து உங்களிடம் ஒட்டிக்கொண்டது என்ன என்பதற்கு 25 விநாடி என்று வைத்தால் ஏறத்தாழ இரண்டு நிமிடம் வந்துவிடும். நேரம் முடிந்து தேர்வாளர் நிறுத்தினால் பதற வேண்டாம், இடையில் நிறுத்தப்பட்டதற்காக மதிப்பெண் குறையாது.

செந்தூல் இளைஞன்

உண்மையாக நடந்ததுதான் வேண்டுமா? நான் இல்லாத ஒரு தாத்தாவை உருவாக்கி, அவர் வெள்ளத்தில் ஒரு குழந்தையைக் காப்பாற்றியதாகச் சொன்னேன். எனக்கு 7 கிடைத்தது. தேர்வாளர் மொழியைத்தான் மதிப்பிடுகிறார், உண்மையை அல்ல.

பிரிக்பீல்ட்ஸ் ஆசிரியை

விதிப்படி நீங்கள் சொல்வது சரி, உண்மையா என்று யாரும் சரிபார்ப்பதில்லை. ஆனால் என் மாணவர்களிடம் நான் காண்பது வேறு. கற்பனைக் கதையில் வினைகள் பெரியவையாக இருக்கும், பொருள்கள் இருக்காது. ‘காப்பாற்றினார்’ என்பார்கள், எதைப் பிடித்து இழுத்தார் என்று கேட்டால் விழிப்பார்கள். இரண்டாம் பகுதி முடிந்ததும் தேர்வாளர் ஒரு சிறு கேள்வி கேட்பது வழக்கம். அந்த இடத்தில் பேச்சின் வேகம் திடீரென்று குறைந்தால், அதற்கு முன் பேசியது தயாரித்து வைத்தது என்பது தெரிந்துவிடும்.

செந்தூல் இளைஞன்

என்னிடம் அப்படிக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன் என்றே நினைக்கிறேன். எல்லோருக்கும் அத்தை போன்ற ஒருவர் வாய்ப்பதில்லை, அவர்களும் தேர்வு எழுதத்தானே வேண்டும்?

பட்டர்வொர்த் செவிலி

டீச்சர் சொன்னபடி நேற்றிரவு பதிவு செய்தேன். 1 நிமிடம் 41 விநாடி வந்தது. என்னால் நம்பவே முடியவில்லை. ஆனால் திரும்பக் கேட்டபோது ஒரு பெரிய குறை தெரிந்தது. அத்தையைப் பற்றிப் பேசும்போது நான்கு இடங்களில் ‘ஷி’ என்பதற்குப் பதிலாக ‘ஹி’ என்று சொல்லியிருக்கிறேன். மருத்துவமனையில் ஆங்கிலத்தில்தான் பேசுகிறேன், இந்தத் தவறு இருப்பதே எனக்குத் தெரியாது. கதைப் பகுதியில் ‘ஷி டேக் தி கிளாத்’, ‘ஷி டெல் தி கஸ்டமர்’ என்றும் வருகிறது. எழுதும்போது இப்படி எழுத மாட்டேன்.

பிரிக்பீல்ட்ஸ் ஆசிரியை

இது உங்கள் தனிக் குறையன்று, நம் பிள்ளைகள் பலரிடம் கேட்கிறேன். தமிழில் மரியாதைக்குரிய பெண்ணையும் ஆணையும் ‘அவர்’ என்றே சொல்கிறோம். மலாயில் ‘டியா’ என்ற ஒரே சொல் இருவருக்கும் பொதுவானது. ஆக, நாள் முழுதும் புழங்கும் இரண்டு மொழிகளிலும், மதிப்புக்குரிய ஒருவரைப் பற்றிப் பேசும்போது ஆணா பெண்ணா என்று நாக்கு முடிவு செய்ய வேண்டிய தேவையே இல்லை. ஆங்கிலத்தில் ஒவ்வொரு வாக்கியத்திலும் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. மதிப்புக்குரியவரைப் பற்றிய இந்த அட்டையில் அந்தத் தவறு மற்ற அட்டைகளைவிட அதிகம் தலைகாட்டுவதில் வியப்பில்லை.

இறந்தகாலச் சிக்கல் வேறு. தமிழில் வினைக்குக் காலம் உண்டு, மலாய் வினை காலத்துக்கேற்ப மாறுவதில்லை. அத்துடன் நம் ஊர் ஆங்கிலத்தில் ‘யெஸ்டர்டே ஐ கோ’ என்பது நண்பர்களிடையே செல்லும். கதை சொல்லும்போது உணர்ச்சி ஏறி, அந்தப் பழக்கம் முன்னே வந்துவிடுகிறது. குணத்தை நிகழ்காலத்தில் சொல்லி, கதையை இறந்தகாலத்தில் சொல்லி, முடிவில் ‘இன்றும் அப்படித்தான்’ என்று நிகழ்காலத்துக்குத் திரும்பும் இந்த ஏற்றஇறக்கம் தேர்வாளர் காதுக்கு நன்றாகக் கேட்கும். ஆகவே இங்கே சறுக்கினால் அதுவும் நன்றாகவே கேட்கும்.

செய்ய வேண்டியது இது. தயாரிப்பு நேரத்தில் தரும் தாளின் மேல் மூலையில் பெரிய எழுத்தில் ‘ஷி’ என்று எழுதி வட்டமிடுங்கள். கதையின் வினைகளை மட்டும், ஏற்கெனவே இறந்தகாலத்தில், வரிசையாக எழுதுங்கள்: ‘கட், ஸ்பிரெட், மெஷர்ட், ஸோட், டோல்ட், டுக் தி பிளேம்’. வேறு வாக்கியம் எதுவும் எழுத வேண்டாம், ஒரு நிமிடத்தில் வாக்கியம் எழுத நேரமில்லை, எழுதினால் அதைப் படிக்கத் தொடங்கிவிடுவீர்கள். பேசும்போது விரலை அந்த வினைகளின்மேல் நகர்த்திக்கொண்டே போங்கள்.

இன்னொன்று, ‘மை ஆண்டி’ என்று மட்டும் தொடங்காதீர்கள். நம் ஊரில் காய்கறிக் கடைப் பெண்மணியும் ஆண்டிதான். ‘என் தந்தையின் அக்கா’ என்று ஒருமுறை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் பிறகு ‘மை ஆண்ட்’ என்று தொடருங்கள்.

சொல்வங்கி

ஆசிரியை சொன்னதை ஏற்கிறேன். என் பட்டியலில் ‘டிட்டர்மிண்ட்’ என்ற சொல்லை நான் இத்தனை நாளும் கடைசி அசையை ‘மைண்ட்’ என்று இழுத்துத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அகராதியில் ஒலியைக் கேட்ட பிறகுதான் ‘மிண்ட்’ என்று குறுகுவது தெரிந்தது. அறுபது சொற்களையும் கண்ணால்தான் படித்திருக்கிறேன், ஒன்றையும் காதால் கேட்டதில்லை. இருந்தாலும் ‘புரொடெக்டிவ்’ என்பதில் எனக்கு ஐயம் இருக்கிறது. பெற்றோர் பிள்ளையை வெளியே விடாமல் அடைத்து வைப்பதையும் அப்படித்தானே சொல்வார்கள்?

பிரிக்பீல்ட்ஸ் ஆசிரியை

அதற்கு ‘ஓவர்’ சேர்த்துச் சொல்வார்கள். தனியே நிற்கும்போது குறைச்சொல் அன்று. ஆனாலும் உங்கள் ஐயம் வீணில்லை, ‘சப்போர்ட்டிவ்’ என்று சொன்னாலும் கதை தாங்கும், கொஞ்சம் வெளிறிய சொல், அவ்வளவுதான்.

ஆயர் ஈத்தாம் தையல்காரர்

எனக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அந்தப் பெண்ணுக்குத் தன் தவறு தெரியாமல் போகவில்லை, வாடிக்கையாளருக்குத்தான் தெரியாமல் போனது. காப்பாற்றுவது வேறு, தொழில் கற்றுக்கொடுப்பது வேறு. அந்த அம்மா மறுநாள் அந்தப் பெண்ணிடம் என்ன சொன்னார் என்று தெரிந்தால்தான் சரியான சொல் கிடைக்கும்.

பட்டர்வொர்த் செவிலி

ஐயா கேட்டதால் அத்தைக்கே அழைத்துக் கேட்டேன். தீபாவளி விடுமுறை முடிந்து கடை திறந்த அன்று, பழைய காடாத் துணியை ஒற்றையாக விரித்து, அந்தப் பெண்ணை இருபது இணைக் கைகள் வெட்ட வைத்தாராம். ஒவ்வோர் இணையிலும் இரண்டாவது கைக்கு அச்சின் பின்பக்கம் மேலே வருமாறு திருப்பிப் போட வேண்டும். அதை நான் அப்போது பார்க்கவில்லை, பள்ளிச் சான்றிதழ் வேலையாக வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

இதையும் கதையில் சேர்த்து இன்று காலை பதிவு செய்தேன். 2 நிமிடம் 20 விநாடி ஆகிவிட்டது. ‘ஹி’ ஒரே ஒருமுறை வந்தது. இருபது இணைக் கைகளை வைத்துக்கொண்டு எதை விடுவது என்று தெரியவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் ஆசிரியை

இருபது இணைக் கைகளை விட்டுவிடாதீர்கள், ஆனால் இரண்டாம் பகுதியில் வேண்டாம். மூன்றாம் பகுதியில் 4 முதல் 5 நிமிடம் பொதுவான கேள்விகள் வரும். ‘மேலதிகாரிகளிடம் என்ன குணம் இருக்க வேண்டும்’, ‘பிள்ளைகள் யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள்’ என்பதுபோல் கேட்டால், பொதுவான கருத்தை முதலில் சொல்லிவிட்டு, அதற்குச் சான்றாக அந்தக் காடாத் துணியை எடுத்து வையுங்கள். கேட்காவிட்டால் போகட்டும். இரண்டாம் பகுதியில் ‘கூலி வேண்டாம்’ என்றதோடு கதையை நிறுத்தி, அந்தப் பெண் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தார் என்ற வாக்கியத்தைக் கடைசியாக வையுங்கள். பதிவை இங்கே எழுத்தாகப் போடுங்கள், காலங்களைப் பார்த்துச் சொல்கிறேன்.

ஜெலுத்தோங் பெரியவர்

மகளே, உன் அத்தையின் கடை எந்தச் சந்தில் இருக்கிறது? என் பேத்திக்கு ரவிக்கை தைக்க வேண்டும்.